வெளிநாட்டு சந்தாவுக்கு பில் போடும்போது எந்த நாட்டு வரி, எவ்வளவு, எங்க கட்டணும்?

கேள்வி: "கும்பகோணத்துல இருந்து தஞ்சாவூர் ஓவியம் கத்துக்கறதுக்கு ரெக்கார்டட் வீடியோ கிளாஸ் மாச சந்தாவா விக்கிறேன். ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. பிரான்ஸ், லண்டன், சிங்கப்பூர், துபாய், காரைக்கால், உள்ளூர்னு எல்லா இடத்துலயும் ஆள் இருக்காங்க. வெளிநாட்டுக்கு வரியே கிடையாதுன்னு ஒருத்தர் சொல்றாரு, அந்தந்த நாட்டு வரி போடணும்னு இன்னொருத்தர் சொல்றாரு. பில்லுல என்னதான் போடறது?"

ரெண்டு பேரும் சொன்னது சரிதான் சார், ஆளுக்கு ஒரு பாதியை மட்டும் சொல்லியிருக்காங்க. முதல் ஆளு இந்திய ஜிஎஸ்டி பக்கம் நின்னு சொல்றாரு, ரெண்டாவது ஆளு வாங்கறவர் நாட்டுப் பக்கம் நின்னு சொல்றாரு. ஒரே பில்லுல ரெண்டு நாட்டு சட்டமும் ஒரே நேரத்துல வேலை செய்யும், ஒண்ணு முடிஞ்சுதுன்னு இன்னொண்ணு போயிடாது. நான் மாயவரத்துல ஜிஎஸ்டி கணக்கு பார்க்கற ஆளு, சாஃப்ட்வேர், ஆன்லைன் கிளாஸ்னு வெளிநாட்டுக்கு விக்கிற சின்ன சின்ன பார்ட்டிங்க கொஞ்சம் பேருக்கு வருஷக்கணக்கா பில் பார்த்துக் குடுக்கறேன், அதை வச்சு சொல்றேன்.

முதல்ல இந்தியப் பக்கத்தை முடிச்சுடுவோம், அது சுலபம். சேவை ஏற்றுமதின்னா ஜிஎஸ்டி ஜீரோ ரேட். ஆனா ஏற்றுமதின்னு நீங்க சொன்னா போதாது, ஐஜிஎஸ்டி சட்டம் 2(6) சொல்ற நிபந்தனை எல்லாம் ஒண்ணா நிக்கணும். நீங்க இந்தியாவுல இருக்கணும், வாங்கறவர் வெளிய இருக்கணும், சேவை போய்ச் சேர்ற இடம்னு சட்டம் கணக்குல எடுக்கறது வெளிநாடா இருக்கணும், பணம் அந்நியச் செலாவணியா வரணும், வாங்கறவர் உங்களோட இன்னொரு கிளையா இருக்கக் கூடாது. இதுல உங்களை மாதிரி ஆளுங்க வழுக்கறது பணம் விஷயத்துலதான், அதை அப்புறம் சொல்றேன். வரி கட்டாம அனுப்பறதுக்கு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடின்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் போடணும், போர்ட்டல்ல `GST RFD-11`. போன வருஷம் போட்டது மார்ச் 31 ஓட காலி, ஏப்ரல்ல மறுபடி போடணும், இதை மறக்கறவங்கதான் ஜாஸ்தி. பில்லுல வாங்கறவர் பேர், அட்ரஸ், நாடு மூணும் இருக்கணும், அதோட இந்த வாசகம் அப்படியே இருக்கணும்:

```
SUPPLY MEANT FOR EXPORT/SUPPLY TO SEZ UNIT OR SEZ DEVELOPER
FOR AUTHORISED OPERATIONS UNDER BOND OR LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

அவ்வளவுதான், ஐஜிஎஸ்டி கட்டம் பூஜ்யம். "வரியே கிடையாது"ன்னு சொன்னவர் இந்த இடத்தோட நிறுத்திட்டாரு.

இப்ப வாங்கறவர் நாட்டுப் பக்கம். ரெக்கார்ட் பண்ணி வச்ச வீடியோவை ஒருத்தர் பணம் கட்டி தானாத் திறந்து பார்க்கறாரு, நடுவுல உங்க கை படல, இதை உலகம் பூரா ஆட்டோமேட்டிக்கா போற டிஜிட்டல் சேவைன்னுதான் பார்க்கறாங்க. தனிநபருக்கு விக்கும்போது வாங்கறவர் இருக்கற நாட்டு வரி. ஐரோப்பிய யூனியன்ல 2015 ஜனவரி 1 லேர்ந்து அங்கேயே இருக்கற கம்பெனிகளுக்கும் இதுதான் கணக்கு, வெளியில இருந்து விக்கறவங்களுக்கு அதுக்கும் முன்னாடியே வந்துடுச்சு. இங்க ஒரு தப்பு எல்லாரும் பண்றாங்க. நெட்ல தேடினா ஐரோப்பாவுக்கு 10,000 யூரோ வரைக்கும் விடுதலை, பிரிட்டனுக்கு 90,000 பவுண்டு வரைக்கும் விடுதலைன்னு கண்ணுல படும், சரி நாம சின்ன ஆளுதானேன்னு விட்டுடுவாங்க. அந்த ரெண்டு வரம்பும் அந்தந்த ஊர்லயே கடை வச்சிருக்கறவங்களுக்கு. கும்பகோணத்துல இருந்து விக்கற உங்களுக்கு ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் வரம்பே கிடையாது, தனிநபருக்கு விக்கிற முதல் சந்தாவுலயே வரி ஆரம்பிச்சிடும். துபாயும் அப்படித்தான், வெளிநாட்டு விற்பனையாளருக்கு வரம்பு கிடையாது, 5 சதவீதம். சிங்கப்பூர் நேர் எதிர்: உங்க உலக வியாபாரம் மொத்தம் 10 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டி, அதோட சிங்கப்பூர் தனிநபர்களுக்கு விக்கறது மட்டும் 1 லட்சம் டாலரையும் தாண்டினாத்தான் அங்க பதியணும், அப்பத்தான் 9 சதவீதம். அதனால உங்க சிங்கப்பூர் ஆளுங்களுக்கு இப்போதைக்கு எந்த வரியும் போடாதீங்க. பதியாம வரின்னு ஒரு வரி போட்டு வசூல் பண்றது போடாம விடறதை விட மோசம். மலேசியாவுக்கும் இப்படி ஒரு வரம்பு இருக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரிங்கிட், அதுக்குள்ள இருந்தா சும்மா இருக்கலாம்.

ஆக உங்களுக்கு உண்மையான வேலை பிரான்ஸ், லண்டன், துபாய் மூணு இடத்துலதான். பிரான்ஸையே எடுத்துக்கறேன், ஏன்னா நம்ம பக்கத்துல காரைக்கால்காரங்க பிரான்ஸ்ல எத்தனை பேர்னு சொல்லவே வேணாம், உங்க லிஸ்ட்லயும் கண்டிப்பா நிறைய இருப்பாங்க.

பாரிஸ்ல இருக்கற ஒரு அம்மா மாசம் 10 யூரோ கட்டறாங்கன்னு வைங்க. கடைசியா கட்டற தொகை என்னவோ அதைத்தான் தனிநபருக்கு விலையாக் காட்டணும், அதனால அந்த 10 யூரோவுக்குள்ளயே வரி இருக்கு. பிரான்ஸ் ரேட் 20 சதவீதம். நிறைய பேர் 10 க்கு 20 சதவீதம்னு 2 யூரோ எடுத்துடுவாங்க, அது தப்பு. கணக்கு இப்படி:

```
10.00 × 20 ÷ 120 = 1.67   (பிரான்ஸ் வாட்)
10.00 − 1.67   = 8.33   (உங்க விலை)
```

அதே 10 யூரோவை ஹங்கேரில இருக்கற ஒருத்தர் கட்டினா அங்க 27 சதவீதம், வரி 2.13, உங்களுக்கு 7.87 தான். ஜெர்மனில 19, வரி 1.60. ஒரே விலை வச்சா நாட்டுக்கு நாடு உங்க கைக்கு வர்றது மாறும், இதுக்கு ஒத்துக்கறீங்களா இல்ல நாட்டுக்கு நாடு விலையை மாத்தறீங்களான்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. நான் பார்த்த வரைக்கும் சின்ன கடைக்கு ஒரே விலைதான் நிம்மதி.

அந்த பில்லு கண்ணால பார்க்க எப்படி இருக்கும்னா, மேல உங்க பேர், ஜிஎஸ்டி நம்பர், அதுக்குக் கீழ ஐரோப்பிய வாட்டுக்கு வாங்கின நம்பர், வலது பக்கம் அந்த அம்மா பேர், பாரிஸ் அட்ரஸ், நாடு பிரான்ஸ். நடுவுல மாச சந்தா 8.33, பிரான்ஸ் வாட் 20 சதவீதம் 1.67, ஐஜிஎஸ்டி 0.00, மொத்தம் 10.00 யூரோ, கீழ மேல சொன்ன அந்த எல்யூடி வாசகம். ரெண்டு வரியும் ரெண்டு தனி வரிசைல. வாட்டைக் கொண்டுபோய் ஐஜிஎஸ்டி கட்டத்துல போட்ட பில்லை நான் பார்த்திருக்கேன், அந்த சாஃப்ட்வேர்ல வரிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, அது ரிட்டர்ன்ல போய் ஐஜிஎஸ்டி கட்ட வேண்டிய தொகையா உக்காந்துடுச்சு. உங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல வெளிநாட்டு வரிக்குத் தனி தலைப்பு போட முடியுதான்னு முதல்ல பாருங்க.

ஐரோப்பாவுல 27 நாட்டுலயும் தனித்தனியா பதிய வேண்டாம். நம்மள மாதிரி வெளி ஆளுங்களுக்கு நான் யூனியன் ஓஎஸ்எஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கு, ஏதாவது ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பதிஞ்சா போதும், இங்கிலீஷ்ல வேலை ஓடணும்னு நம்ம ஆளுங்களுக்கு அயர்லாந்து வசதி. மூணு மாசத்துக்கு ஒரு ரிட்டர்ன், காலாண்டு முடிஞ்ச அடுத்த மாசக் கடைசிக்குள்ள, நாடு வாரியா எவ்வளவு வித்தேன் எவ்வளவு வரின்னு. ஒண்ணுமே விக்கலன்னாலும் நில் ரிட்டர்ன் போடணும். யூரோ இல்லாத காசுல வித்திருந்தா அந்தக் காலாண்டோட கடைசி நாள் ஐரோப்பிய மத்திய வங்கி ரேட்டுல மாத்தணும். ரெக்கார்டை 10 வருஷம் வச்சிருக்கணும். பிரிட்டன் இதுல சேராது, 2021 லேர்ந்து தனி, அங்க வரி ஆபீஸான ஹெச்எம்ஆர்சில தனியா பதிஞ்சு 20 சதவீதம். துபாய்க்கும் தனி.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வரேன். அந்த அம்மா பிரான்ஸ்லதான் இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க டைப் பண்ணினது மட்டும் பத்தாது. ஐரோப்பிய விதி ஒண்ணோட ஒண்ணு முரண்படாத ரெண்டு ஆதாரம் கேக்குது: பில்லிங் அட்ரஸ், ஐபி, பேங்க் எந்த நாடு, சிம் எந்த நாடு இந்த மாதிரி. கிட்டத்தட்ட இதே பட்டியல் நம்ம ஐஜிஎஸ்டி சட்டம் 13(12) லயும் இருக்கு, அங்கயும் ஏதாவது ரெண்டு பொருந்தினா போதும். இதுலதான் வம்பு.

அந்த அம்மா ஜூலை மாசம் லீவுக்கு காரைக்கால் வர்றாங்க, வந்த இடத்துல தங்கச்சி வீட்டுல உக்காந்து சந்தா கட்டறாங்க. ஐபி இந்தியா. ஓடிபிக்கு இங்க வாங்கின சிம், அதுவும் இந்தியா. ஆனா கார்டு பிரெஞ்சு பேங்க், பில்லிங் அட்ரஸ் பாரிஸ். ரெண்டுக்கு ரெண்டு. பிரான்ஸ் விதிப்படி பார்த்தா ரெண்டு ஆதாரம் இருக்கு, இந்திய விதிப்படி பார்த்தாலும் ரெண்டு ஆதாரம் இருக்கு. இங்க எது நிச்சயம் எதுல வாதம் இருக்குன்னு பிரிச்சு சொல்லிடறேன். ஐரோப்பிய விதி பார்க்கறது அந்த ஆள் வழக்கமா குடியிருக்கற இடத்தை, லீவுக்கு எங்க போய் நின்னாங்கங்கறதை இல்ல, இது நிச்சயம். அதனால பிரான்ஸ் வாட் போடணும்ங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல. இந்தியப் பக்கம் அதே மாசத்துக்கு இது உள்நாட்டு விற்பனைதான்னு ஒரு ஆபீசர் வாதாடினா சட்டத்தோட எழுத்துல அவருக்கும் ஒரு பிடி இருக்கு. பணம் யூரோவுல வந்திருக்கு, போன மாசமும் அடுத்த மாசமும் ஐபி பிரான்ஸ், குடியிருக்கற அட்ரஸ் பாரிஸ்னு காட்டினா நம்ம பக்கம் பலமா இருக்கும், நான் ஏற்றுமதின்னே வச்சுப்பேன். ஆனா அதைக் காட்டறதுக்கு உங்ககிட்ட டேட்டா இருக்கணும். ஒவ்வொரு ரினியூவலுக்கும் அந்த நேரத்து ஐபி நாடு, கார்டு நாடு, அட்ரஸ் மூணையும் பில் நம்பரோட சேர்த்து சேவ் பண்ணி வைங்க. நிறைய பேர் முதல் தடவை சேரும்போது மட்டும் எடுத்து வச்சுட்டு விட்டுடறாங்க, சந்தால ஒவ்வொரு மாசமும் புது விற்பனை. ஆளு பாரிஸ்ல இருந்து பிராங்க்ஃபர்ட் வீடு மாறினா அந்த மாசத்துலேர்ந்து 19.

காரைக்கால்னு வந்ததால இன்னொண்ணு, இது வெளிநாடு இல்லன்னாலும் நம்ம டெல்டால தினமும் நடக்கற தப்பு. காரைக்கால்லயே குடியிருக்கற ஒருத்தர் 590 ரூபாய் சந்தா கட்டறாரு. அவர் புதுச்சேரி, நீங்க தமிழ்நாடு, அதனால 500 ப்ளஸ் ஐஜிஎஸ்டி 90. மாயவரத்துக்காரர் கட்டினா 500 ப்ளஸ் சிஜிஎஸ்டி 45, எஸ்ஜிஎஸ்டி 45. பின்கோடு முதல் மூணு நம்பரை வச்சு மாநிலம் கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர் இங்க ஏமாந்துடும், ஏன்னா மாயவரம் 609001, காரைக்கால் 609602, ரெண்டும் 609. ஜிஎஸ்டி மாநிலக் கோடு தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. உங்க ரிப்போர்ட்ல 34 ல ஒரு பில் கூட இல்லன்னா, ஆனா காரைக்கால் ஆளுங்க இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்னா, தப்பு நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம். தப்பான தலைப்புல கட்டினதை அட்ஜஸ்ட் பண்ண முடியாது, சரியான தலைப்புல மறுபடி கட்டிட்டு முன்னாடி கட்டினதை ரீஃபண்டு கேக்கணும், வட்டி கிடையாதுங்கறது ஒண்ணுதான் ஆறுதல். ஆன்லைன் சேவைக்கு தனிநபர் பில்லுலயும் தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் மாநிலம் பேர் இருக்கணும், அதனால செக்அவுட்ல மாநிலத்தை அவங்களையே தேர்ந்தெடுக்க விடுங்க.

பணம் விஷயம். பாரிஸ்ல பையன் கிளாஸ் பார்க்கறான், திருவாரூர்ல அப்பா யூபிஐல கட்டறாரு. இது ரொம்ப சாதாரணமா நடக்கும். அக்கவுண்ட் அப்பா பேர்ல, அப்பா அட்ரஸ்ல இருந்தா பிரச்சனை இல்ல, பணம் குடுக்க வேண்டியவர்தான் சட்டப்படி சேவை வாங்கறவர், அது உள்நாட்டு பில், 9 ப்ளஸ் 9 போட்டுட்டுப் போங்க. ஆனா அக்கவுண்ட் பையன் பேர்ல, அட்ரஸ் பாரிஸ், கட்டினது மட்டும் இந்திய ரூபாய்லன்னா அந்நியச் செலாவணி நிபந்தனை விழுந்துடும், ஏற்றுமதி இல்ல, 18 சதவீதம் ஐஜிஎஸ்டி உங்க தலைல. பிரான்ஸ்காரனோ வாங்கறவன் இங்க இருக்கான், 20 குடும்பான். ரெண்டு வரியும் போக உங்களுக்கு என்ன மிஞ்சும்? ரிசர்வ் வங்கி அனுமதிச்ச வழியில வெளிநாட்டுல இருந்து ரூபாயா வர்றது வேற கதை, யூபிஐ அதுல சேராது. அதனால கேட்வே செட்டிங்ல வெளிநாட்டு அட்ரஸுக்கு ரூபாய், யூபிஐ ரெண்டையும் அடைச்சுடுங்க. உங்க பேங்க் அக்கவுண்ட்ல கடைசில ரூபாயா விழறதைப் பார்த்து பயப்பட வேண்டாம், வெளிநாட்டுக் காசு உள்ள வந்ததுக்கு பேங்கோ கேட்வேயோ குடுக்கற ஃபயரா பேப்பரை மாசாமாசம் வாங்கி வைங்க. ரீஃபண்டு கேக்கும்போது அந்தப் பேப்பர் இல்லாம ஒண்ணும் நகராது.

வாங்கறது தனிநபர் இல்ல, பாரிஸ்ல ஒரு ஆர்ட் ஸ்கூல்னா கதை சுருக்கம். அவங்க வாட் நம்பரை வாங்கி, நம்பர் செல்லுமான்னு பார்க்கறதுக்கு ஐரோப்பிய யூனியன் வச்சிருக்கற விஐஇஎஸ் சைட்ல போட்டுப் பாருங்க, செல்லும்னு வந்தா அந்தத் தேதியோட ஸ்கிரீனை சேவ் பண்ணிட்டு வாட் இல்லாம பில் போட்டு `Reverse charge` ன்னு எழுதிடுங்க, வரியை அவங்களே அங்க கணக்குக் காட்டிப்பாங்க. நம்பர் குடுக்கலன்னா தனிநபர் மாதிரியே 20.

பில்லோட ஏற்றுமதி மதிப்பு 8.33 ஆ 10 ஆங்கறதுல ஆடிட்டர்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு. வேற சட்டத்துப்படி போடற வரியும் மதிப்புல சேரும்னு சிஜிஎஸ்டி சட்டம் 15(2) சொல்லுது, அந்த "வேற சட்டம்" வெளிநாட்டு சட்டத்தையும் குறிக்குமாங்கறதுதான் வாதம். எப்படிப் பார்த்தாலும் வரி பூஜ்யம், ஆனா டர்ன்ஓவர் மாறும், ரீஃபண்டு கணக்கும் லேசா மாறும். நான் 10 யூரோவையே காட்டறேன், காரணம் வந்த பணத்தோட ஒத்துப் போகும், கேள்வி குறையும். உங்க ஆடிட்டர் 8.33 ன்னு சொன்னா சண்டை போடாதீங்க, வருஷம் பூரா ஒரே மாதிரி பண்ணா போதும்.

இவ்வளவு வேலை வேணாம்னா ஒரு வழி இருக்கு, பேடில் மாதிரி மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டா இருக்கற கம்பெனி வழியா விக்கறது. அங்க வாங்கறவருக்கு விக்கறதே அந்தக் கம்பெனிதான், வாட் வசூல் பண்ணி கட்டறதும் அவங்கதான், நீங்க அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு ஏற்றுமதி பில் போடறீங்க. சாதாரண பேமென்ட் கேட்வே இதுல வராது, அது பணத்தை மட்டும்தான் கடத்தும், கேட்வேல வரி கணக்கு போடற வசதி இருந்தாலும் அது கணக்கு மட்டும்தான், பதியறதும் கட்டறதும் உங்க பொறுப்பு. ஒரு எச்சரிக்கை, மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டுக்குப் போனப்புறம் பழைய பழக்கத்துல நீங்களும் வாங்கறவருக்கு தனியா ஒரு பில் அனுப்பாதீங்க, ஒரே விற்பனைக்கு ரெண்டு பில் ஆயிடும். கமிஷன் கேட்வேயை விடக் கூடத்தான், ஆனா ஐரோப்பாவுல நாடு நாடா பத்து இருபது பேருன்னு சிதறியிருந்தா, கூடவே லண்டன், துபாய்னு தனித்தனி பதிவு வேறன்னா, அந்தக் கமிஷனைக் குடுக்கறதே புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன். இந்திய ஆளுங்களை மட்டும் உங்க சொந்த கேட்வேல வச்சுக்குங்க.

அமெரிக்காவை நீங்க கேக்கல, இருந்தாலும் யாராவது படிச்சு கேப்பாங்க: அங்க மத்திய அரசு விற்பனை வரின்னு ஒண்ணு கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் வேற, அங்க சுப்ரீம் கோர்ட் 2018 ல குடுத்த வேஃபேர் தீர்ப்புக்கு அப்புறம் வெளியூர்க் கடையையும் பிடிக்கலாம், ஆனா பெரும்பாலும் ஒரு மாநிலத்துல வருஷம் 1 லட்சம் டாலர் மாதிரி வரம்பு தாண்டினப்புறம்தான், அதனால சின்ன சந்தாக் கடைக்கு அவசரம் இல்ல. லைவ் கிளாஸ் எடுத்தா மேல சொன்னதுல பாதி மாறும், 2025 ஜனவரிலேர்ந்து ஐரோப்பாவுல அதுக்கும் வாங்கறவர் இருக்கற இடம்னு விதி வந்திருக்கு, அதைத் தனியா கேளுங்க.

கடைசியா, இதுவரைக்கும் பிரான்ஸுக்கும் லண்டனுக்கும் வாட் இல்லாம வித்ததை என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா அதுதான் முதல் வேலை. பழைய ஆளுங்ககிட்ட போய் இப்ப வரி குடுங்கன்னு கேக்க முடியாது, வாங்கின 10 யூரோவுக்குள்ளயே வரி இருந்ததா வச்சு அதே 1.67 ஐ உங்க கையில இருந்து கட்ட வேண்டியிருக்கும், தாமதத்துக்கு அபராதம், வட்டி சேரலாம். ஓஎஸ்எஸ் பதிவு வழக்கமா அடுத்த காலாண்டுலேர்ந்துதான் செல்லும், அதனால முன்னாடி வித்ததுக்கு அந்தந்த நாட்டு வரி ஆபீஸோடதான் பேசணும், அதை அங்க இருக்கற ஒரு ஆலோசகரை வச்சு பண்ணுங்க, நான் இங்க இருந்து பண்ற வேலை இல்ல அது. முதல்ல போன ரெண்டு மூணு வருஷத்து பேமென்ட் ரிப்போர்ட்டை கேட்வேல இருந்து இறக்கி, கார்டு நாடு வாரியா பிரிச்சு, தனிநபர் எவ்வளவுன்னு ஒரு ஷீட்ல போடுங்க. அந்தத் தொகை என்னன்னு தெரியாம யாராலயும் உங்களுக்கு உருப்படியா யோசனை சொல்ல முடியாது.